கைகளுக்கு நடுவே எழும் களிமண்: ஒரு ப்ராம்ப்ட் எழுதும் முறை

எழுத்தில் சொன்னால் காணொளியாக்கித் தரும் செயலிகள் வந்த பிறகு, அவற்றிடம் கேட்டுப் பார்க்கத் தூண்டும் காட்சிகளில் ஒன்று குயவர் சக்கரம். சுழல்வது ஒன்று, ஈரமாக மின்னுவது ஒன்று, இரண்டு கைகள், பக்கவாட்டில் ஒரு வெளிச்சம். கேட்பதற்கு எளிய காட்சி. ஆனால் வந்து விழும் காணொளியை ஒரு குயவரிடம் காட்டினால் இரண்டாவது விநாடியிலேயே தலையை ஆட்டிவிடுவார். மண் எங்கிருந்தோ பெருகிக்கொண்டே போகும், கை வெறுமனே மண்ணைத் தடவிக்கொண்டிருக்கும், பளபளப்பு மண்ணோடு சேர்ந்து சுற்றிவரும். இந்த ஒரே காட்சியை எடுத்துக்கொண்டு, எதை எழுதினால் சரியாக வரும், வந்தது சரியா என்று எப்படிப் பார்ப்பது என்பதை நிதானமாகப் பேசுவோம்.

பெரும்பாலானவர்கள் எழுதும் ப்ராம்ப்ட் இப்படி இருக்கும்:

```
A potter's wheel with wet clay rising between the hands,
beautiful steady side lighting, cinematic
```

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்த வரி எந்த வேலையைக் காட்டச் சொல்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. களிமண் கைகளுக்கு நடுவே எழுவது சக்கரத்தில் இரண்டு கட்டங்களில் நடக்கிறது. இரண்டும் பார்வைக்கு முற்றிலும் வேறானவை.

முதலாவது, மண்ணை நடுவில் நிறுத்தும் கட்டம். பிசைந்த மண் உருண்டையைச் சக்கரத்தில் அறைந்து ஒட்டவைத்ததும் அது கொஞ்சம் கோணலாகத்தான் சுற்றும். அதை நேராக்க, இரண்டு உள்ளங்கைகளையும் வெளிப்புறத்தில் வைத்து அடியில் நெருக்கி மேலே கொண்டுபோவார்கள். மண் கூம்பாக எழும். பிறகு உச்சியில் அழுத்தி அதைக் கீழே இறக்குவார்கள். இரண்டு மூன்று முறை இப்படி ஏற்றி இறக்கினால் மண் முழுவதும் ஒரே பதத்துக்கு வந்து, ஆட்டமில்லாமல் நடுவில் நிற்கும். இந்தக் கட்டத்தில் மண் முழுக் கட்டி, உள்ளே துளை கிடையாது.

இரண்டாவது, சுவர் எழுப்பும் கட்டம். நடுவில் துளை திறந்த பிறகு ஒரு கை உள்ளே போகும், ஒரு கை வெளியே இருக்கும். இரண்டு கைகளின் விரல் நுனிகளுக்கும் நடுவே சுவர் நசுங்கி மேலே ஏறும். சக்கரத்தின் வேகத்தை இங்கே குறைத்துக்கொள்வார்கள்.

செயலியிடம் `between the hands` என்று மட்டும் சொன்னால் இந்த இரண்டும் கலந்துவிடும். கூம்பாகத் தொடங்கிய மண் பாதியில் தானாகக் குழிந்து குடுவையாகும். அல்லது துளை திறந்த பானையை இரண்டு கைகளும் வெளியிலிருந்து அணைத்துக்கொண்டிருக்க, சுவர் மட்டும் தானாக வளரும். ஆகவே ப்ராம்ப்ட் எழுதும் முன் எடுக்க வேண்டிய முதல் முடிவு, எந்தக் கட்டம் என்பதுதான்.

என் தேர்வு கூம்பு. அதற்குக் காரணம் உண்டு. சுவர் எழுப்பும்போது ஒரு கை பானைக்குள் மறைந்துபோகிறது. மறைந்த கை வெளியே வரும்போது எத்தனை விரலோடு வரும் என்பது இந்தச் செயலிகள் அடிக்கடி தடுமாறும் இடம். அதோடு, நிதானமான ஒரு இழுப்பில் சுவர் உண்மையில் எழுவது கொஞ்சம்தான். பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள உருளையில் சுவரின் தடிமன் இரண்டு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரைக்குக் குறைந்தால், ஒன்பது சென்டிமீட்டர் உயரம் பதினொன்றாகும், அவ்வளவே. கைதான் அடியிலிருந்து விளிம்புவரை பயணம் செய்கிறது, மண் இரண்டு விரல்கடைகூட உயர்வதில்லை. கூம்பு அப்படியல்ல. மண் எழுவதைக் கண்ணால் பார்க்க முடிகிற கட்டம் அதுதான்.

எவ்வளவு எழும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுமார் 850 கிராம் ஈர மண், பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் அரைக்கோளமாக உட்கார்ந்திருக்கிறது. உயரம் ஆறு சென்டிமீட்டர். கன அளவு ஏறத்தாழ 450 கன சென்டிமீட்டர். இதே மண்ணை அடியில் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள கூம்பாக நெருக்கினால், கூம்பின் கன அளவு அதே 450 ஆக இருக்க வேண்டும். அப்படியானால் உயரம் பதினேழு சென்டிமீட்டர் வரும். ஆறிலிருந்து பதினேழு, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒரு துளி மண்கூடச் சேர்க்காமல் இவ்வளவு உயரம் கிடைக்கிறது. சப்பாத்தி மாவு உருண்டையை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே நெருக்கினால் மேலே பிதுங்குமே, அதே கணக்குத்தான். பக்கத்தில் குறைந்ததுதான் உயரத்தில் கூடுகிறது.

இந்தக் கணக்கு செயலிக்குத் தெரியாது. அது மண்ணின் எடையையோ அழுத்தத்தையோ கணக்கிடுவதில்லை. விவரிப்போடு கூடிய ஏராளமான காணொளிகளைப் பார்த்து, இன்ன சொற்களுக்கு இன்ன அசைவு வழக்கமாகப் பொருந்துகிறது என்று கற்றிருக்கிறது. ஒரு காணொளியை உருவாக்கும்போது வெறும் புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, நீங்கள் எழுதிய வாக்கியத்துக்கு ஏற்ப அதைப் படிப்படியாகத் தெளிவாக்கிக்கொண்டே வருகிறது. `rising` என்ற சொல்லுக்கு அது பார்த்தவற்றில் புகையும் மாவும் நீரும் எல்லாம் இருந்திருக்கும். அவற்றில் பலவும் எழும்போது பெருகுபவை. நம் மண்ணும் அப்படியே பெருகிவிடுகிறது. அதனால் "எழுகிறது" என்று விளைவை மட்டும் எழுதினால் போதாது. கை நெருக்குகிறது, மண் குறுகுகிறது, குறுகுவதால் உயர்கிறது என்று காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும். குறுகுவது என்ற சொல் வாக்கியத்தில் இருந்தால், மண் பெருகும் வாய்ப்பு குறைகிறது.

அடுத்தது, கேமரா எங்கே நிற்கிறது என்பது. கூம்பை எழுப்பும்போது குயவரின் உள்ளங்கைகள் இரண்டு பக்கமும் இருக்கும். விரல்கள் அந்தப் பக்கம், அதாவது அவரிடமிருந்து தள்ளி இருக்கும் பக்கத்தில், ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது வழக்கம். கட்டைவிரல்கள் அவர் பக்கம் இருக்கும். கேமராவைக் குயவருக்கு எதிரே வைத்தால் பின்னிய விரல்கள்தான் முன்னால் தெரியும். ஏழு விரல், ஒட்டிய விரல் என்ற பிழைகள் எல்லாம் அங்கேதான் முளைக்கும். மண்ணும் மறைந்துவிடும். கேமராவைக் குயவரின் தோளுக்கு மேலே கொண்டுவந்தால் இரண்டு கட்டைவிரல்களும் அவற்றுக்கு நடுவே மண்ணும் தெரியும். விரல் பின்னல் மண்ணுக்குப் பின்னால் போய்விடும். நம் கண்ணும் அப்போது வேலை செய்பவரின் கண்ணாகிறது. கேமரா நகரக் கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள். கேமரா நகர்ந்தால் வெளிச்சம் நிலையாக இருக்கிறதா, மண் நடுவில் நிற்கிறதா என்று எதையும் சோதிக்க முடியாது.

இப்போது வெளிச்சம். பக்கவாட்டு வெளிச்சம் ஈர மண்ணுக்குப் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. முன்னாலிருந்து வரும் ஒளியில் மேடும் பள்ளமும் தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து உரசிக்கொண்டு வரும் ஒளியில் விரல் பதித்த ஒவ்வொரு வரியும் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாகப் பிரிந்து தெரியும். ஈரப் படலம் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆனால் கூம்பு எழுப்பும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. கைகள் இரண்டு பக்கமும் இருப்பதால், ஒளி சரியாகப் பக்கவாட்டில், கையின் உயரத்திலேயே வந்தால் அது புறங்கையில்தான் விழும். மண் நிழலில் கிடக்கும். ஆகவே சன்னல் இடது பக்கம் இருக்கட்டும், கையைவிட உயரத்தில் இருக்கட்டும். அப்போது கட்டைவிரலுக்கு மேலே தெரியும் மண்ணிலும், கை மேலேறிய பின் கீழே வெளிப்படும் மண்ணிலும் ஒளி விழும்.

`steady`, `beautiful` போன்ற சொற்கள் ஒளி எங்கிருந்து வருகிறது என்று சொல்வதில்லை. `cinematic`, `dramatic` ஆகியவை சும்மா இருப்பதும் இல்லை. ஆரஞ்சு விளிம்பொளி, மிதக்கும் தூசு, பின்னால் இன்னொரு விளக்கு என்று தம்முடைய ஒளியமைப்பையும் கூட்டிவந்துவிடும். ஒரே சன்னல், எந்தப் பக்கம், எந்த உயரம், மண்ணின் எந்தப் பக்கம் மின்ன வேண்டும், எந்தப் பக்கம் நிழல் என்று இடத்தைச் சொல்லுங்கள். இவ்வளவையும் சேர்த்து எழுதினால் ப்ராம்ப்ட் இப்படி வரும்:

```
Static over-the-shoulder close shot, one continuous take, real-time speed.
A solid dome of wet brown clay spins fast, centered on a potter's wheel.
Two palms squeeze it low from both sides, thumbs side by side
toward the camera, and move up together. The clay narrows and
grows taller into a smooth solid cone with a rounded tip.
One window, high on the left, is the only light and stays constant:
a narrow wet highlight on the left of the cone, soft shadow on the right.
```

இதில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். பானை, குடுவை, கிண்ணம் என்ற சொற்கள் இல்லை. சக்கரத்தின் பெயரில் வரும் `potter` மட்டும் தவிர்க்க முடியாதது. அதைச் சமன்செய்யத்தான் `solid` என்ற சொல் இரண்டு முறை வருகிறது. இடது கை, வலது கை என்ற பிரிவும் இல்லை. இந்தச் செயலிகள் இடம் வலத்தைப் பல நேரங்களில் மாற்றிவிடுகின்றன. சன்னலுக்கு மட்டும் இடது பக்கம் என்று சொல்லியிருக்கிறோம். அது மாறி வலப்பக்கம் வந்தாலும் காட்சி கெடாது, பளபளப்பும் நிழலும் சேர்ந்தே இடம் மாறினால் சரி. "கூடுதல் விரல் வேண்டாம்" போன்ற மறுப்பு வாக்கியமும் இல்லை. வாக்கியத்துக்குள் எழுதும் மறுப்பு பல நேரம் எடுபடுவதில்லை, சில நேரம் மறுத்த பொருளே வந்து நிற்கும். வேண்டாதவற்றை எழுதத் தனிப் பெட்டி தரும் செயலியாக இருந்தால் அங்கே எழுதுங்கள்.

காணொளி வந்ததும் எப்படிச் சோதிப்பது? கூகுளின் வியோ 3 போன்ற செயலிகளில் ஒரு முறைக்கு 8 விநாடிக் காணொளி கிடைக்கும். விநாடிக்கு 24 சட்டகம் என்றால் 192 சட்டகங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

முதலில் மண்ணின் அளவு. தொடக்கத்தில் மண்ணின் அடிப்பகுதி திரையில் எவ்வளவு அகலம் என்று ஒரு காகித விளிம்பில் குறித்துக்கொள்ளுங்கள். முடிவில் உயரம் மூன்று மடங்கு ஆகியும் அகலம் துளியும் குறையவில்லை என்றால், மண் காற்றிலிருந்து வந்திருக்கிறது. அதைத் தள்ளிவிடலாம். அகலம் குறைந்து உயரம் கூடியிருந்தால் நம் கணக்கோடு ஒத்துப்போகிறது. மண் கைக்கு மேலேதான் எழ வேண்டும் என்பதையும் பாருங்கள். கை அடியில் நெருக்கும்போது மேலே பிதுங்க வேண்டும். கை தொடாத இடத்தில், கைக்குக் கீழே, மண் தானாகப் பருத்தால் அது பிழை.

இரண்டாவது, பளபளப்பு நிற்கும் இடம். இதுதான் எல்லாச் சோதனையிலும் கூர்மையானது. நடுவில் சரியாக நிற்கும் கூம்பு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதன் வடிவம் கண்ணுக்கு மாறுவதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது ஒரே கூம்புதான். சன்னலும் நகரவில்லை, கேமராவும் நகரவில்லை. அப்படியானால் ஒளிக்கீற்று இடப்பக்கம் ஒரே கோடாக நின்றாக வேண்டும். கூம்பு உயர உயர அந்தக் கோடு நீளலாம், சாய்வு மாறுவதற்கேற்பக் கொஞ்சம் விலகலாம், கைபடும்போது லேசாக நடுங்கலாம். ஆனால் மண்ணோடு சேர்ந்து சுற்றிவரக் கூடாது. சுற்றிவந்தால், செயலி அந்தப் பளபளப்பை மண்ணின்மேல் பூசிய வெள்ளைக் கோடாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒளியே காற்றில் ஆடும் விளக்குபோலக் கூடிக் குறைந்தால் `steady` என்ற சொல்லை இன்னும் இரண்டு முறை சேர்ப்பதில் பயனில்லை. சன்னல் ஒன்றுதான், வெளியே மேகமூட்டம் என்று எழுதிப் பாருங்கள். நிலையான ஒளிக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

மூன்றாவது, சுழல்கிறதா என்பது. கேள்வியே விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் நடுவில் நிற்கும் வழவழப்பான கூம்பு சுற்றும்போது நிற்பதுபோலவே தெரியும். மண்ணை நடுவில் நிறுத்தும் வேலைக்குச் சக்கரம் வேகமாக ஓட வேண்டும், நிமிடத்துக்கு 200 சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். 8 விநாடியில் அது சுமார் 27 சுற்று. ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மண் 50 பாகை திரும்பிவிடுகிறது. இந்த வேகத்தில் மண்ணில் உள்ள சிறு புள்ளி எதுவும் புள்ளியாகத் தெரியாது, வளையமாக இழுபட்டுத் தெரியும். சிராய்ப்பு ஒன்று தெளிவாக, மெதுவாகச் சுற்றிவந்தால் சக்கரம் உண்மையான வேகத்தில் ஓடவில்லை. எதுவுமே தெரியாமல் சிலைபோல் நின்றால், சக்கரத் தட்டில் சிந்திய மண் குழம்பு வட்டமாக இழுபட்டிருக்கிறது என்று ப்ராம்ப்டில் ஒரு வரி சேர்க்கலாம். சுழற்சியைக் கண்ணுக்குக் காட்டுவது அந்தக் குழம்புதான்.

குறை தெரிந்தால் முழு ப்ராம்ப்டையும் கலைக்காதீர்கள். விதை எண்ணைப் பூட்டிவைக்கும் வசதி இருந்தால் பூட்டிவிட்டு, ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எந்தச் சொல் எதைச் செய்தது என்று தெரியும். எத்தனை முறை திருத்தியும் மண் பெருகிக்கொண்டே போனால் சொல்லை விட்டுவிட்டுப் படத்துக்குப் போங்கள். தொடக்கச் சட்டகமாகவும் முடிவுச் சட்டகமாகவும் புகைப்படம் கொடுக்கும் வசதி சில செயலிகளில் இருக்கிறது. ஒரு குயவரிடம் அனுமதி கேட்டு, ஒரே மண்ணை அரைக்கோளமாக ஒரு படம், கூம்பாக ஒரு படம், ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் எடுத்துக் கொடுங்கள். இரண்டு முனையும் உண்மையாக இருந்தால் நடுவில் ஊதிப் பெருக்கச் செயலிக்கு இடம் குறைந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே உள்ள ப்ராம்ப்டில் நம் ஊர் இல்லை. சக்கரம் என்று மட்டும் சொன்னால் வருவது பெரும்பாலும் மேலை நாட்டுப் பட்டறை: இடுப்புயர மின்சக்கரம், சுற்றிலும் பிளாஸ்டிக் தொட்டி, முன்கவசம் கட்டியவர். மானாமதுரையின் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மானாமதுரை என்று எழுதினால் மட்டும் அங்குள்ள சக்கரம் வந்துவிடும் என்று நம்ப முடியாது. ஊர்ப்பெயரைவிட உருவத்தைச் சொல்வது பலன் தரும். தரையை ஒட்டிய கனமான பெரிய சக்கரம், குந்தியிருக்கும் குயவர், மண் தரை, பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி என்று எழுதுங்கள். கோலால் சுற்றிவிடும் சக்கரமானால் வேகம் மெல்லக் குறைந்துகொண்டே வரும். அதையும் எழுதினால்தான் வரும். கூம்பு நம் ஊருக்கும் அந்நியமில்லை. பெரிய மண்குவியலைக் கூம்பாக நிறுத்தி, அதன் உச்சியிலேயே அகல் விளக்கை ஒவ்வொன்றாக வனைந்து நூலால் அறுத்தெடுப்பது நம் குயவர்களின் வழக்கம்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் கிடைப்பது பார்க்கச் சரியாக இருக்கும் ஒரு காட்சிதான். கை எவ்வளவு அழுத்துகிறது, எங்கே நீர் தொடுகிறது, கூம்பின் கழுத்து அறுபடுவதற்கு முன் மண் எப்படி நடுங்குகிறது என்பதெல்லாம் அதில் இருந்தால் தற்செயல். ஒரு பாடலின் பின்னணிக்கோ, ஒரு விளம்பரத்தின் மூன்று விநாடிக்கோ இது போதும். இயந்திரம் செய்தது என்று ஒரு வரி போட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆனால் வனைவதை யாருக்காவது கற்றுக்கொடுக்கும் காணொளிக்கு இதைச் சேர்க்காதீர்கள். அதற்கு அருகில் உள்ள குயவரிடம் போங்கள். கேட்ட நேரத்துக்குக் கூலி கொடுங்கள், சன்னலோரம் அமரச் சொல்லுங்கள், அவர் தோளுக்குப் பின்னால் கைபேசியை அசையாமல் நிறுத்துங்கள், ஒளி அளவைப் பூட்டிவிட்டுப் பதிவுசெய்யுங்கள். கற்பவருக்குத் தேவை அந்தக் கை.